வாராந்தர ஸ்டேட்டஸ் ரிப்போர்ட்: கிளையன்ட் படித்ததும் முடிவெடுக்கும்படி எழுதுவது எப்படி

வெள்ளிக்கிழமை வந்தால் டீம் லீடுக்கு ஒரு வேலை காத்திருக்கும். இந்த வாரம் என்ன முடிந்தது, எது நின்று கிடக்கிறது, அடுத்து என்ன என்று கிளையன்டுக்கு எழுதி அனுப்ப வேண்டும். பலரும் இதை அரை மணி நேரத்தில் முடித்துவிடுகிறார்கள். ஜிராவைத் திறந்து டிக்கெட் தலைப்புகளை நகலெடுத்து, மேலே பச்சை நிறம் வைத்து அனுப்பிவிடுகிறார்கள். கிளையன்டும் "நன்றி" என்று ஒரு வரி பதில் போடுகிறார். இப்படியே எட்டு வாரம் போகும். ஒன்பதாவது வாரம் "தேதி தள்ளிப்போகும்" என்று சொல்லும்போது, "இதை ஏன் முன்னாலேயே சொல்லவில்லை?" என்ற கேள்வி வரும். பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினால் விஷயம் அதில் இருக்கும். ஆனால் நான்காவது பக்கத்தில், "சில சார்புகள் நிலுவையில் உள்ளன" என்ற வரிக்குள் புதைந்திருக்கும்.

எனக்கே இது நடந்தது. ஒரு திட்டத்தில் ஐந்து வாரம் தொடர்ந்து பச்சை போட்டேன். பொய் சொல்லும் எண்ணம் இல்லை. அடுத்த வாரம் சரிசெய்துவிடலாம் என்று ஒவ்வொரு வாரமும் உண்மையாகவே நம்பினேன். ஆறாவது வாரம் கிளையன்ட் தரப்பு மேலாளர் தொலைபேசியில் கோபப்படவில்லை. "உங்கள் ரிப்போர்ட்டை நம்பி எங்கள் இயக்குநரிடம் தேதி சொல்லிவிட்டேன்" என்று மட்டும் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்துக்குப் பிறகுதான் ரிப்போர்ட் எழுதும் முறையையே மாற்றினேன். அந்த முறையைத்தான் கீழே படிப்படியாகச் சொல்கிறேன். அதிக இடம் எடுத்துக்கொள்வது தடைகளைப் பற்றிய பகுதி, ஏனென்றால் கிளையன்ட் கையில் ஏதாவது செய்ய முடிகிற இடம் அது ஒன்றுதான்.

முதலில்: இதை யார் படிக்கிறார்கள்?

நீங்கள் அனுப்புவது கிளையன்ட் தரப்பு திட்டப் பொறுப்பாளருக்கு. ஆனால் அவர் அதோடு நிறுத்துவதில்லை. முதல் சில வரிகளை வெட்டி எடுத்துத் தன் மேலதிகாரிக்கு அனுப்புகிறார். அந்த மேலதிகாரிக்கு உங்கள் டிக்கெட் எண்கள் தெரியாது. ஸ்பிரின்ட் என்றால் என்னவென்றும் தெரியாமல் இருக்கலாம். அவருக்குத் தெரிய வேண்டியவை இரண்டு: சொன்ன தேதியில் வருமா, எங்களிடமிருந்து ஏதாவது வேண்டுமா.

மூன்றாவதாக ஒரு வாசகரும் இருக்கிறார். நான்கு மாதம் கழித்து, தாமதம் யாரால் வந்தது என்று பேச்சு எழும்போது பழைய மின்னஞ்சல்களைத் தேடிப் படிப்பவர் அவர். அது கிளையன்டாகவும் இருக்கலாம், உங்கள் நிறுவனத்தின் ஒப்பந்தப் பிரிவாகவும் இருக்கலாம். அவருக்குத் தேதிகள் வேண்டும். எப்போது கேட்டோம், எப்போது கிடைத்தது என்பது அந்தந்த வாரமே எழுதப்பட்டிருந்தால் வாக்குவாதமே வராது.

ஆகவே ரிப்போர்ட்டின் முதல் மூன்று வரிகளைத் தனியாக வெட்டி எடுத்தாலும் பொருள் நிற்க வேண்டும். மின்னஞ்சலின் உடம்பிலேயே எழுதுங்கள். இணைப்புக் கோப்பாக அனுப்பினால் கைபேசியில் பார்ப்பவர் திறக்கமாட்டார்.

எந்த நாளில் கணக்கை முடிப்பது?

வியாழன் மதியத்தோடு கணக்கை மூடி, வெள்ளி காலையில் அனுப்புவது எனக்குச் சரியாக வந்திருக்கிறது. வெள்ளி மாலை அனுப்பினால் திங்கள் வரை யாரும் தொடமாட்டார்கள். தடை ஒன்று இருந்தால் இரண்டு நாள் வீணாகிறது. வெள்ளி காலை அனுப்பினால், கிளையன்ட் தன் ஐடி ஆட்களை அன்றைக்கே பிடிக்க முடியும். உங்கள் வாராந்தரக் கூட்டம் வேறு நாளில் இருந்தால், கூட்டத்துக்கு அரை நாள் முன்னால் ரிப்போர்ட் போய்ச் சேரும்படி வைத்துக்கொள்ளுங்கள். நாள் எதுவாக இருந்தாலும் மாறக் கூடாது. இடைவெளி ஒரு வாரம் ஐந்து நாள், இன்னொரு வாரம் ஒன்பது நாள் என்று ஆனால், வாரத்துக்கு எத்தனை வேலை முடிகிறது என்ற கணக்கே பொருளற்றுப் போகும்.

முடிந்ததை எண்ணுவது

ஜிரா வைத்திருந்தால் தேடல் பெட்டியில் இப்படிக் கேட்கலாம்:

```
project = ORD AND status = Done
AND status CHANGED TO Done AFTER -7d
```

`ORD` இருக்கும் இடத்தில் உங்கள் திட்டத்தின் குறியீட்டைப் போடுங்கள். முதல் வரியில் உள்ள `status = Done` முக்கியம். அது இல்லாவிட்டால், செவ்வாயன்று முடிந்து புதனன்று டெஸ்டிங்கில் பிழை கண்டு திரும்பி வந்த டிக்கெட்டும் பட்டியலில் ஏறிவிடும். அதை முடிந்ததாகச் சொல்லி, அடுத்த வாரமும் அதையே முடிந்ததாகச் சொன்னால் கிளையன்ட் கண்டுபிடித்துவிடுவார். அதன்பின் மற்ற எண்களையும் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்.

"முடிந்தது" என்றால் என்ன என்பதைத் திட்டத்தின் முதல் வாரமே கிளையன்டோடு பேசி ஒரு வரியில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள். நான் வைக்கும் வரையறை இதுதான்: டெஸ்டர் சோதித்து ஒப்புக்கொண்டு, ஸ்டேஜிங் சர்வரில் கிளையன்ட் தானே திறந்து பார்க்கக்கூடிய நிலையில் இருந்தால்தான் முடிந்தது. நிரல் எழுதியாயிற்று, ரிவ்யூவில் இருக்கிறது என்பதெல்லாம் "நடந்துகொண்டிருக்கிறது"தான்.

சதவீதத்தை மட்டும் தயவுசெய்து எழுதாதீர்கள். "பேமென்ட் பகுதி 90 சதவீதம் முடிந்தது" என்ற வரி மூன்று வாரம் அப்படியே நிற்பதை எத்தனையோ திட்டங்களில் பார்த்திருக்கிறேன். பெல் ஆய்வகத்தின் டாம் கார்கில் சொன்னதாக ஒரு கணக்கு தொழிலில் வழங்குகிறது: நிரலின் முதல் 90 சதவீதம் ஒதுக்கிய நேரத்தில் 90 சதவீதத்தை எடுத்துக்கொள்ளும், மீதி 10 சதவீதம் இன்னொரு 90 சதவீத நேரத்தை எடுத்துக்கொள்ளும். பிழைக் கையாளுதல், பழைய தரவோடு ஒத்துப்போகச் செய்வது, மற்ற அமைப்புகளோடு இணைப்பது எல்லாம் அந்தக் கடைசித் துண்டில்தான் இருக்கின்றன. முன்கூட்டி அளக்க முடியாதவையும் அவைதான். அதனால் சிறு சிறு பணிகளாக உடைத்து, ஒவ்வொன்றும் முடிந்ததா இல்லையா என்று மட்டும் எண்ணுங்கள். "48 பணிகளில் 25 முடிந்தன" என்பதில் யாரும் சறுக்க முடியாது.

அப்புறம், முன்னேற்றப் பகுதியைப் போன வார ரிப்போர்ட்டிலிருந்து தொடங்குங்கள். போன வாரம் "அடுத்து" என்ற தலைப்பில் என்ன சொன்னீர்களோ அதை அப்படியே நகலெடுத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் என்ன ஆனது என்று எழுதுங்கள். இதைச் செய்யாதபோதுதான் வாக்குறுதிகள் சத்தமில்லாமல் காணாமல் போகின்றன. எழுதுகிறவருக்கு இது முதல் சில வாரம் உறுத்தும். ஐந்து சொல்லி இரண்டு முடிந்த வாரத்தில் அந்த இரண்டைப் பார்ப்பது கஷ்டம்தான். ஆனால் அந்த உறுத்தலால்தான் அடுத்த முறை டீம் குறைவாகவும் சரியாகவும் வாக்குக் கொடுக்கிறது.

மொழியைப் பொறுத்தவரை ஒரே ஒரு சோதனை போதும்: கிளையன்டின் மேலதிகாரி அந்த வரியைப் படித்தால் தன் வேலையில் என்ன மாறியது என்று சொல்ல முடியுமா? "ஆர்டர் சர்வீஸ் ரீஃபேக்டர் செய்யப்பட்டது" என்றால் முடியாது. "ஒரு ஆர்டரில் 200 பொருள்களுக்கு மேல் சேர்த்தாலும் இப்போது பக்கம் நிற்காமல் திறக்கிறது" என்றால் முடியும்.

தடைகள்

இரண்டு விஷயங்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. தடை என்றால் ஒரு வேலை இன்றைக்கு நின்றுவிட்டது. ஆபத்து என்றால் ஒரு வேலை நிற்கக்கூடும், இன்னும் நிற்கவில்லை. இரண்டையும் ஒரே பட்டியலில் போட்டால், "டெஸ்டர் அடுத்த மாதம் விடுப்பில் போகலாம்" என்பதும் "லாகின் கிடைக்காமல் ஆறு பணிகள் நிற்கின்றன" என்பதும் ஒரே கனத்தில் தெரியும். படிப்பவர் இரண்டையும் தள்ளிவைத்துவிடுவார். தடைகளை மட்டும் மேலே வையுங்கள். ஆபத்துகள் கீழே ஒன்றிரண்டு வரியில் இருந்தால் போதும்.

தடையை எழுதும்போது தமிழில் ஒரு சிக்கல் உண்டு. செய்ய வேண்டியவர் யார் என்று சொல்லாமலே நம் வாக்கியங்கள் இயல்பாக நிற்கும். "டெஸ்ட் லாகின் இன்னும் வரவில்லை" என்று எழுதினால் இலக்கணப்படி எந்தக் குறையும் இல்லை. ஆனால் யார் தர வேண்டும், யார் கேட்டார்கள், எப்போது கேட்டார்கள் என்ற மூன்றும் அதில் மறைந்துபோகின்றன. படிப்பவர் "ஓ, வரவில்லையாம்" என்று நினைத்து அடுத்த வரிக்குப் போய்விடுவார். மரியாதை கருதி நாம் அப்படி எழுதுகிறோம், புரிகிறது. ஆனால் அந்த மரியாதை கிளையன்டுக்கு உதவவில்லை. அவர் தரப்பிலேயே யாரைப் பிடிக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாமல் போகிறது.

அதனால் ஒவ்வொரு தடையிலும் இவை இருக்கட்டும்: என்ன நின்றிருக்கிறது, எந்தத் தேதியிலிருந்து, யாரிடமிருந்து துல்லியமாக என்ன வேண்டும், எந்தத் தேதிக்குள், அந்தத் தேதி தாண்டினால் என்ன ஆகும், அதுவரை நாங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறோம். "விரைவில்", "கூடிய சீக்கிரம்" என்ற சொற்களுக்கு இங்கே வேலை இல்லை. கிழமையும் தேதியும் எழுதுங்கள்.

விளைவைச் சொல்லும் வரியைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். மிரட்டுவது போல் இருக்குமோ என்ற தயக்கம். ஆனால் கிளையன்ட் தன் ஐடி பிரிவிடம் போய் "இதை முதலில் செய்யுங்கள்" என்று சொல்ல அந்த வரிதான் அவருக்குக் கைகொடுக்கிறது. அந்த ஐடி பிரிவில் அவருடைய கோரிக்கையைப் போல இன்னும் பத்து வரிசையில் நிற்கும். "செவ்வாய்க்குள் வராவிட்டால் வெளியீடு இரண்டு வாரம் தள்ளும்" என்ற வரியைக் காட்டினால் வரிசையில் முன்னால் போக முடியும்.

அதே நேரம், யாருடைய தாமதமும் ரிப்போர்ட்டில்தான் முதன்முதலாக வெளியே வரக் கூடாது. அனுப்புவதற்கு முன் அந்தப் பொறுப்பாளரோடு ஐந்து நிமிடம் பேசிவிடுங்கள். "இந்த வார ரிப்போர்ட்டில் லாகின் பற்றி எழுத வேண்டியிருக்கிறது, செவ்வாய் சாத்தியமா?" என்று கேளுங்கள். பாதி நேரம் அந்த அழைப்பிலேயே தடை தீர்ந்துவிடும். தீராவிட்டாலும், அவர் சொன்ன தேதியைத்தான் நீங்கள் எழுதுகிறீர்கள். அவருக்கு அது அவமானமாக இருக்காது. ஆளின் பெயருக்குப் பதில் பிரிவின் பெயரையோ பொறுப்பையோ எழுதுவது நல்லது.

உங்கள் டீமால் வந்த தடையையும் இதே வடிவத்தில் எழுதுங்கள். கிளையன்டால் வந்த தாமதம் மட்டும் தேதியோடும், நம்மால் வந்தது "சில தொழில்நுட்பச் சவால்கள்" என்றும் எழுதப்பட்டால், படிப்பவர் உடனே புரிந்துகொள்வார்.

ஒரே தடை மூன்றாவது வாரமும் வந்தால், அதை ரிப்போர்ட்டில் மறுபடி எழுதுவதால் பயனில்லை என்று பொருள். அப்போது இரு தரப்பு மேலாளர்களையும் உட்காரவைத்துத் தனியாகப் பேச வேண்டும். ரிப்போர்ட்டில் அந்தச் சந்திப்பின் தேதி மட்டும் இருக்கட்டும்.

நிறம்

பச்சை, மஞ்சள், சிவப்பு வைப்பதாக இருந்தால், எதற்கு எந்த நிறம் என்பதை முதல் வாரமே எழுதிவைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அன்றைய மனநிலைதான் நிறத்தைத் தீர்மானிக்கும். வெளியே பச்சையும் உள்ளே சிவப்புமாக இருக்கும் ரிப்போர்ட்டுக்குத் தர்பூசணி என்றே தொழிலில் பெயர் வைத்திருக்கிறார்கள். நான் பின்பற்றும் விதி: சொன்ன தேதியில் முடியும் என்றால் பச்சை. தேதிக்கு ஆபத்து இருக்கிறது, ஆனால் சரிசெய்யும் வழி எங்கள் கையிலேயே இருக்கிறது என்றால் மஞ்சள். கிளையன்ட் ஒரு முடிவு எடுத்தால் ஒழிய தேதியைக் காப்பாற்ற முடியாது என்றால் சிவப்பு. இப்படி வைத்தால் சிவப்பு என்பது "நாங்கள் தோற்றுவிட்டோம்" என்று ஆகாது; "நீங்கள் இதில் ஒரு முடிவு சொல்ல வேண்டும்" என்று ஆகும். டீமுக்கும் அதை எழுதப் பயம் இருக்காது.

ஒரு வாரத்தை முழுதாக எழுதிப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்காக நானே கட்டிய திட்டம் இது. மொத்த வியாபாரம் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு ஆர்டர் போர்ட்டல். டீமில் நான்கு டெவலப்பர்கள், ஒரு டெஸ்டர், ஒரு லீட். மொத்தம் 48 பணிகள், 12 வாரம், அதாவது வாரத்துக்கு 4. ஜூன் 27 வெள்ளியன்று வெளியீடு. இப்போது ஏழாவது வாரம் முடிகிறது. ரிப்போர்ட் போக வேண்டிய நாள் மே 23.

திட்டப்படி இதற்குள் 28 பணிகள் முடிந்திருக்க வேண்டும். முடிந்தவை 25. கடைசி மூன்று வாரங்களில் முடிந்தவை 4, 4, 2. போர்ட்டலில் சரக்கு இருப்பைக் காட்ட, கிளையன்டின் கணக்கு மென்பொருளோடு இணைய வேண்டும். அதற்கான டெஸ்ட் லாகினை மே 5 அன்று கேட்டோம், மே 12 அன்று தருவதாகச் சொன்னார்கள், இன்னும் தரவில்லை. ஆறு பணிகள் அதை நம்பி இருக்கின்றன.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். தடை மே 12 அன்றே தொடங்கிவிட்டது. ஆனால் அந்த வாரம் டீம் வேறு பணிகளை எடுத்துச் செய்ததால் எண்ணிக்கை 4 ஆகவே இருந்தது. அடுத்த வாரம்தான் 2 ஆகக் குறைந்தது. மாற்று வேலை இருக்கும்வரை தடையின் பாதிப்பு எண்ணிக்கையில் தெரியாது. அதனால் எண்ணிக்கை குறையும் வரை காத்திருந்து தடையை எழுதினால் ஒரு வாரம் தாமதமாகத்தான் சொல்கிறீர்கள்.

இனி தேதிக் கணக்கு. மீதி 23 பணிகள், மீதி 5 வாரங்கள். கடைசி மூன்று வாரச் சராசரி 3.3. இதே வேகத்தில் போனால் 23 பணிகளுக்கு 7 வாரம் ஆகும். வெளியீடு ஜூலை 11. லாகின் செவ்வாயன்று வந்து பழைய வேகமான 4 திரும்பினால், 23-ஐ 4-ஆல் வகுக்க 5.75, அதாவது 6 வாரம். வெளியீடு ஜூலை 4. லாகினும் வந்து, அறிக்கைத் திரைகள் நான்கையும் இரண்டாம் கட்டத்துக்கு மாற்றினால் மீதி 19, 4.75 வாரம். ஜூன் 27 தேதி மாறாது, ஆனால் கூடுதலாக ஒரு நாள்தான் கையில் இருக்கும்.

இந்தக் கணக்கு மிகத் துல்லியமானதல்ல. மூன்று வாரச் சராசரி சிறிய மாதிரி. பணிகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. ஆனாலும் "இன்னும் நேரம் இருக்கிறது, பார்த்துக்கொள்ளலாம்" என்ற உணர்வைவிட இது பல மடங்கு நம்பத்தக்கது. எந்தக் கணக்கில் தேதி வந்தது என்று கிளையன்டுக்கும் தெரிவதால், அடுத்த வாரம் தேதி மாறினால் ஏன் மாறியது என்றும் அவருக்குப் புரியும்.

இந்த வாரத்தைப் பலரும் எப்படி எழுதுவார்கள் என்பது நமக்குத் தெரியும்:

> நிலை: மஞ்சள். பணிகள் நல்ல முறையில் முன்னேறி வருகின்றன. தள்ளுபடிப் பகுதி 90% முடிந்தது. சரக்கு இணைப்பில் சில சார்புகள் நிலுவையில் உள்ளன, விரைவில் தீர்க்கப்படும். அடுத்த வாரம் சரக்கு இணைப்பும் மீதிப் பணிகளும் தொடரும்.

ஒரு வரியும் பொய் இல்லை. ஆனால் படித்துவிட்டுக் கிளையன்ட் செய்ய ஒன்றுமே இல்லை. இப்போது அதே வாரத்தை மேலே சொன்னபடி எழுதுகிறேன். நீங்கள் எந்த மொழியில் அனுப்பினாலும் வடிவம் இதுதான்.

> பொருள்: ஆர்டர் போர்ட்டல், 7ஆம் வாரம் (மே 23): சிவப்பு. மே 27க்குள் ஒரு லாகின், ஒரு முடிவு தேவை
>
> வணக்கம்,
>
> ஜூன் 27 வெளியீடு இப்போதைய நிலையில் சாத்தியமில்லை. இதே வேகத்தில் ஜூலை 11 ஆகும். காரணம், கணக்கு மென்பொருளின் டெஸ்ட் லாகினுக்காக ஆறு பணிகள் மே 12 முதல் நிற்பது. ஜூன் 27ஐக் காப்பாற்ற உங்களிடமிருந்து இரண்டு விஷயங்கள் செவ்வாய், மே 27க்குள் தேவை: அந்த லாகின், மற்றும் அறிக்கைத் திரைகளைப் பற்றிய முடிவு.
>
> போன வாரம் சொன்னவை
> வாடிக்கையாளர் தன் பழைய ஆர்டரை அப்படியே மறுபடி போடும் வசதி: முடிந்தது, ஸ்டேஜிங்கில் பார்க்கலாம்.
> ஆர்டரை ரத்து செய்தல்: முடிந்தது, ஸ்டேஜிங்கில் பார்க்கலாம்.
> தள்ளுபடிக் கணக்கு: முடியவில்லை. ஒரே பொருளுக்கு இரண்டு தள்ளுபடிகள் சேரும்போது மொத்தத் தொகை தவறாக வந்ததை எங்கள் டெஸ்டர் கண்டுபிடித்தார். இது எங்கள் பிழை. புதன், மே 28 அன்று மறுபடி சோதனைக்கு வரும்.
> சரக்கு இருப்பைக் காட்டுதல், சரக்கு தீர்ந்ததை அறிவித்தல்: இரண்டும் நிற்கின்றன, கீழே பார்க்கவும்.
> மொத்தம்: 48 பணிகளில் 25 முடிந்தன. திட்டப்படி 28 முடிந்திருக்க வேண்டும்.
>
> தடை
> கணக்கு மென்பொருளின் டெஸ்ட் லாகினை உங்கள் ஐடி பிரிவிடம் மே 5 அன்று கேட்டோம். மே 12 என்று தேதி சொல்லப்பட்டது. நேற்று அவர்களோடு பேசினோம். உள் ஒப்புதல் ஒன்று பாக்கி என்றார்கள். சரக்கு இருப்பைப் படிக்க மட்டும் உரிமை உள்ள ஒரு லாகின் போதும். மாற்றும் உரிமை தேவையில்லை. மே 27க்குள் வந்தால் வெளியீடு ஜூலை 11-லிருந்து ஜூலை 4 ஆகும். அதன்பின் தாமதமாகும் ஒவ்வொரு வாரமும் வெளியீட்டையும் ஏறக்குறைய ஒரு வாரம் தள்ளும். அதுவரை போலித் தரவை வைத்துத் திரைகளைக் கட்டிவருகிறோம். உண்மையான இணைப்பை மட்டும் சோதிக்க முடியாது.
>
> உங்கள் முடிவு
> அறிக்கைத் திரைகள் நான்கையும் இரண்டாம் கட்டத்துக்கு மாற்றினால், லாகினும் மே 27க்குள் வந்தால், ஜூன் 27 தேதி மாறாது. ஆனால் கூடுதல் அவகாசம் ஒரு நாள்தான். மாற்றாமல் விட்டால் ஜூலை 4. முதல் வழியை நாங்கள் பரிந்துரைக்கிறோம். ஆர்டர் எடுக்க அந்தத் திரைகள் தேவையில்லை.
>
> அடுத்த வாரம் (மே 30க்குள்)
> தள்ளுபடிக் கணக்கு, முகவரிப் புத்தகம், ஆர்டர் உறுதி மின்னஞ்சல்: மூன்றும் முடியும். லாகின் மே 27 அன்று வந்தால் சரக்கு இருப்பைக் காட்டுதலும் முடியும்.

கவனித்துப் பாருங்கள், "மாற்றும் உரிமை தேவையில்லை, படிக்கும் உரிமை போதும்" என்ற வரி சின்னதுதான். ஆனால் ஐடி பிரிவின் ஒப்புதல் ஏன் தாமதமாகிறது என்று யோசித்தால், பெரும்பாலும் பாதுகாப்புக் கவலைதான் காரணமாக இருக்கும். கேட்பதைச் சுருக்கிக் கேட்டால் ஒப்புதல் சீக்கிரம் வரும். தடையை எழுதும்போதெல்லாம், இதில் பாதியைக் கேட்டால் நமக்குப் போதுமா என்று ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

அதேபோல் "அடுத்த வாரம்" பகுதியில் நிபந்தனை இல்லாத மூன்றும் நிபந்தனை உள்ள ஒன்றும் பிரிந்து நிற்கின்றன. நம் கையில் இருப்பதை மட்டும் வாக்காகக் கொடுக்கிறோம். வாரத்துக்கு நான்கு முடிக்கும் டீம் அடுத்த வாரத்துக்கு எட்டை எழுதக் கூடாது. யாராவது விடுப்பில் போகிறார்கள் என்றால் அதையும் கழித்துக்கொள்ளுங்கள்.

பரிந்துரையும் இருக்க வேண்டும். வெறும் இரண்டு வழிகளை வைத்துவிட்டு "உங்கள் விருப்பம்" என்றால், கிளையன்ட் மறுபடி உங்களைத்தான் அழைத்துக் கேட்பார்; இரண்டு நாள் போய்விடும்.

அனுப்பும் முன்

டீமில் இன்னொருவர் பத்து நிமிடம் படிக்கட்டும். டெஸ்டர் படிப்பது நல்லது, ஏனென்றால் எது உண்மையில் முடிந்தது என்பது அவருக்குத்தான் தெரியும். எண்கள் கூட்டினால் சரியாக வருகின்றனவா, போன வாரம் சொன்ன 23-ஓடு இந்த வாரம் முடிந்த 2-ஐச் சேர்த்தால் 25 வருகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புதிதாகப் பணிகள் சேர்ந்து மொத்தம் 48-லிருந்து 51 ஆகியிருந்தால், அதை ஒரு வரியில் தனியாகச் சொல்லுங்கள். எதனால் சேர்ந்தது என்பதோடு. இது விட்டுப்போனால், டீம் மெதுவாகிவிட்டது போல் தோன்றும்.

கடவுச்சொல், வாடிக்கையாளர்களின் உண்மையான தரவு தெரியும் ஸ்கிரீன்ஷாட், டீமுக்குள் நடந்த மனவருத்தங்கள் எதுவும் உள்ளே வரக் கூடாது. இந்த மின்னஞ்சல் யார் யாருக்குப் போகும் என்பது உங்கள் கையில் இல்லை.

மணிக்கணக்கில் பணம் வாங்கும் ஒப்பந்தமாக இருந்தால், இதுவரை செலவான நேரமும் மீதமுள்ளதும் ஒரு வரியில் சேரட்டும். நிலையான தொகை ஒப்பந்தத்தில் அது தேவையில்லை. சேர்த்தால் தேவையற்ற பேச்சுதான் வரும்.

தரவு கசிந்தாலோ, ஓடிக்கொண்டிருக்கும் அமைப்பு நின்றாலோ, வெள்ளிக்கிழமைக்குக் காத்திருக்காதீர்கள். அந்த நிமிடமே தொலைபேசியை எடுங்கள். ரிப்போர்ட்டில் பிறகு அதன் காரணமும் தீர்வும் வரட்டும்.

அனுப்பிய பிறகு

மேலே உள்ள ரிப்போர்ட்டுக்கு செவ்வாய் வரை பதில் வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். செவ்வாய் மதியம் அழையுங்கள், மாலை வரை பொறுக்காதீர்கள். "லாகின் வந்துவிட்டது, திரைகளை இரண்டாம் கட்டத்துக்கு மாற்றலாம்" என்று வாயால் சொன்னால், அன்றைக்கே இரண்டு வரி மின்னஞ்சலில் அதை எழுதி அனுப்பி, சரியா என்று கேட்டுவிடுங்கள். அந்த முடிவு அடுத்த ரிப்போர்ட்டில் தேதியோடு ஏறும்: "மே 27 அன்று நீங்கள் சொன்னபடி அறிக்கைத் திரைகள் நான்கும் இரண்டாம் கட்டத்துக்கு மாறின; மொத்தம் இப்போது 44 பணிகள்."

அதன்பின் வியாழன் மதியம் புதிய மின்னஞ்சலைத் திறந்து, "அடுத்த வாரம்" என்று எழுதியிருந்த நான்கு பணிகளை மேலே ஒட்டிவிட்டு, முதலாவதான தள்ளுபடிக் கணக்கு புதனன்று சோதனையைத் தாண்டியதா என்று டெஸ்டரிடம் கேளுங்கள்.